ஜிம் மெம்பர்ஷிப்பைப் பாதியில் விடும்போது: ஃப்ரீஸா, மாற்றமா, ரிஃபண்டா?

"கல்லடியில ஒரு ஜிம்மில ஜனவரி ஒண்டாந் திகதி ஒரு வருச மெம்பர்ஷிப் எடுத்தன். 48,000 ரூபா, கிரெடிட் கார்ட்ல 12 மாதத் தவணை. இப்ப கட்டாரில வேலை சரிவந்து ஜூன் முதல் கிழமை போறன். மிச்சக் காசக் கேட்டா ரிஃபண்ட் இல்ல, வேணுமெண்டா ரெண்டு மாசம் ஃப்ரீஸ் பண்ணுங்க எண்டு சொல்றாங்க. மச்சானுக்கு மாத்தித் தரச் சொன்னா 5,000 கேக்கிறாங்க. வருசம் முடிய தானா ரெனிவ் ஆகும், அதே கார்ட்ல காசு எடுப்பம் எண்டும் ஃபோம்ல கிடக்கு. கார்ட நிப்பாட்டினா சரியா? தெரிஞ்சவங்க சொல்லுங்க."

தம்பி, கார்டை நிப்பாட்டுவதால் உங்கள் பிரச்சினை தீராது. முதலில் ரெனிவலை எழுத்தில் நிறுத்துங்கள். அதன் பிறகு மெம்பர்ஷிப்பை மச்சானுக்கு மாற்றுங்கள். ஃப்ரீஸ் உங்களுக்குப் பயன்படாது. ரிஃபண்ட் கிடைத்தாலும் மாற்றத்தில் வருவதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். நான் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஜிம்களின் முன்மேசையில் பல வருடம் இருந்து, சேர்க்கைப் படிவம் எழுதிக் கொடுத்து, கணக்கும் பார்த்தவன். சட்டத்தரணி அல்ல. அதனால் கணக்குப் பக்கத்தை உறுதியாகச் சொல்வேன், சட்டப் பக்கத்தில் எங்கே பிடி இருக்கிறது, எங்கே இல்லை என்பதை மட்டும் பிரித்துச் சொல்கிறேன்.

கார்டில் இருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அங்கேதான் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள். உங்கள் கார்டில் இப்போது இரண்டு வேறு விடயங்கள் ஓடுகின்றன. ஒன்று 12 மாதத் தவணை. அது உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலான கடன். நீங்கள் சேர்ந்த கையோடு ஜிம்மின் கணக்குக்கு 48,000 ரூபாவும் போய்விட்டது, வங்கியின் கழிவு மட்டும்தான் குறைந்திருக்கும். மாதம் 4,000 ரூபா வீதம் நீங்கள் கட்டுவது வங்கிக்கு. கார்டை மூடப் போனால் மீதித் தவணைகளை மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள். கட்டாமல் போனால் வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறும், கடன் வரலாற்றிலும் பதியும். ஜிம்முக்கு அதில் ஒரு சதமும் நட்டமில்லை. மாதாமாதம் ஜிம்தான் காசு எடுக்கிறது என்று நினைத்துக் கார்டை முறித்த பலரைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் வங்கியின் கடிதம் வீட்டுக்கு வரும்.

இரண்டாவது விடயம், வருட முடிவில் ஜிம் உங்கள் கார்டில் தானாக எடுக்கப் போகும் புதுக் கட்டணம். இதற்கு நீங்கள் சேரும்போதே கையெழுத்து வைத்து அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். இரண்டையும் வங்கிக் கூற்றிலேயே பிரித்துப் பார்க்கலாம். தவணை என்றால் அந்த வரியில் எத்தனையாவது தவணை என்பது 5/12 என்பது போல விழும். தானாகப் புதுப்பிக்கிற கட்டணம் என்றால் ஜிம்மின் பெயரோ, அவர்கள் பாவிக்கிற இணையக் கட்டணச் சேவையின் பெயரோ முழுத் தொகையோடு புதிதாக வரும். உங்களுக்கு இப்போது ஓடுவது முதலாவது. நீங்கள் தடுக்க வேண்டியது இரண்டாவதை.

ரெனிவலை நிறுத்தும் அறிவித்தலுக்கு பெரும்பாலான படிவங்களில் முடிவுத் திகதிக்கு 30 நாள் முன்னதாக, எழுத்தில் என்று இருக்கும். உங்கள் வருடம் டிசம்பர் 31இல் முடிகிறது, அப்படியென்றால் டிசம்பர் 1க்கு முன்னர் கொடுக்க வேண்டும். அதற்காக நவம்பர் மட்டும் காத்திருக்கத் தேவையில்லை. 30 நாள் என்பது கடைசி எல்லை, அதற்கு முன் எந்த நாளிலும் கொடுக்கலாம். இன்றைக்கே கொடுங்கள். கட்டாரில் முதல் வருடம் வேலைப் பளுவில் நவம்பர் மாதம் கல்லடி ஜிம் ஞாபகத்துக்கு வராது. இன்னொன்றையும் கவனியுங்கள்: தானாகப் புதுப்பிக்கும்போது நீங்கள் சேர்ந்த ஆரம்பச் சலுகை விலை பொருந்தாது, அன்றைய முழு விலைதான் எடுப்பார்கள். இதுவும் படிவத்திலேயே இருக்கும், தேடிப் பாருங்கள்.

முன்மேசையில் போய் வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதாது. அங்கே இருக்கிற பிள்ளை இரண்டு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடும். நீங்கள் சொன்னதை யாரும் குறித்து வைத்திருக்க மாட்டார்கள். கடிதம் ஒன்று எழுதுங்கள், இரண்டு பிரதி. நீளமாக வேண்டாம்: "என் அங்கத்துவ இலக்கம் இன்னது. இது 31.12 அன்று முடியும்போது புதுப்பிக்க வேண்டாம். என் கார்டில் இனிமேல் எந்தக் கட்டணமும் எடுப்பதற்கு முன்னர் கொடுத்த அனுமதியை இன்றிலிருந்து திரும்பப் பெறுகிறேன். மீதி ஏழு மாதத்தை இன்னாருக்கு மாற்றித் தர வேண்டுகிறேன்." புதுப்பித்தல் ஒரு வசனம், கார்ட் அனுமதி ஒரு வசனம், மாற்றம் ஒரு வசனம் என்று தனித்தனியாக இருக்கட்டும். எல்லாவற்றையும் சேர்த்து கேன்சல் பண்ணுங்கள் என்று எழுதினால், உங்கள் மீதி ஏழு மாதத்தையும் நீங்களே விட்டுக்கொடுத்ததாக எடுத்துக்கொள்ள இடம் வந்துவிடும். ஒரு பிரதியில் திகதி போட்டு, ரப்பர் முத்திரை குத்தி வாங்குங்கள். அதையே மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தகவலைச் செல்லாது என்று தள்ள முடியாது.

அந்தக் கடிதத்தின் பிரதியை உங்கள் வங்கிக்கும் அனுப்பி, இந்த வணிகருக்கு இனி அனுமதி இல்லை என்று எழுத்தில் சொல்லுங்கள். இதற்குப் பிறகும் ஜனவரியில் காசு எடுத்தால், உடனே வங்கியிடம் அந்தக் கொடுப்பனவை மறுத்து முறையிடலாம். நிறுத்தச் சொன்ன பிறகும் தொடர்ந்து எடுத்த கட்டணம் என்பது கார்ட் நிறுவனங்களின் விதிகளிலேயே தனி வகையாக இருக்கிறது. வங்கி கேட்கும் முதல் கேள்வி, எப்போது நிறுத்தச் சொன்னீர்கள், அதற்கு என்ன அத்தாட்சி என்பதுதான். முத்திரை குத்திய பிரதிக்கு அங்கேதான் பெறுமதி. வங்கி இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் பேசலாம்.

இனி ஃப்ரீஸ். இது நோய்வாய்ப்பட்டவருக்கும், பிள்ளை பெற இருப்பவருக்கும், பரீட்சைக்குப் படிக்கிறவருக்கும் நல்ல ஏற்பாடு. ஒன்று அல்லது இரண்டு மாதம் நிறுத்தி, முடிவுத் திகதியை அதே அளவு தள்ளிப் போடுவார்கள். வேலைக்காக வெளிநாடு போகிற உங்களுக்கு இரண்டு மாதத் தள்ளிவைப்பு எந்த உதவியும் செய்யாது. இதில் ஒரு கேடும் இருக்கிறது. நீங்கள் ஜூன், ஜூலை இரண்டு மாதம் ஃப்ரீஸ் போட்டால் அங்கத்துவம் பெப்ரவரி முடிவு வரை நீளும். ஆனால் கார்டில் எடுக்கும் திகதியை யாராவது தனியாகத் திருத்தாவிட்டால், அது பழைய ஜனவரி 1இலேயே நிற்கும். ஃப்ரீஸ் எழுதுவது வரவுப் பதிவேட்டில், கட்டணம் போவது வேறோர் இடத்தில். இரண்டும் ஒன்றோடொன்று பேசாத ஜிம்கள்தான் அதிகம். ஃப்ரீஸில் இருக்கும்போது மாற்றமோ விலகலோ செய்ய முடியாது என்ற விதியும் சில படிவங்களில் உண்டு. ஃப்ரீஸ் எடுக்கிற எவரும், புதிய முடிவுத் திகதியையும் அடுத்த கட்டணத் திகதியையும் ஒரே தாளில் எழுதி வாங்க வேண்டும்.

ரிஃபண்டுக்கு வருவோம். முதலில் கசப்பான செய்தி. இலங்கையில் ஜிம் அங்கத்துவத்துக்கு இத்தனை நாளுக்குள் மனம் மாறினால் காசு திரும்பும் என்று கட்டாயப்படுத்துகிற சட்டம் இல்லை. நீங்களாக விலகும்போது படிவத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். கையெழுத்து வைத்த பிறகு, ஆங்கிலத்தில் இருந்தது, வாசிக்கவில்லை என்று சொன்னால் பொதுவாக எடுபடாது. ஆனால் அந்த விதி எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். நீங்கள் கையெழுத்திட்ட தாளில் இல்லாமல், காசு கட்டி முடிந்த பிறகு கைக்கு வந்த பற்றுச்சீட்டின் அடியில் மட்டும் சின்ன எழுத்தில் இருந்தால், நீங்கள் அதற்கு உடன்பட்டீர்கள் என்று காட்டுவது அவர்களுக்குக் கடினம்.

ரிஃபண்ட் இல்லை என்கிற இடங்களிலும் முதலாளி மனம் வைத்தால் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பார். ஆனால் அந்தக் கணக்கு நீங்கள் மனதில் போடுகிற கணக்காக இருக்காது. நீங்கள் 48,000ஐ 12ஆல் பிரித்து, ஐந்து மாதத்துக்கு 20,000 போக மீதி 28,000 என்பீர்கள். ஜிம் அப்படிப் பார்க்காது. வருடச் சலுகை வருடம் முழுக்க இருப்பவருக்கு மட்டும்தான், நீங்கள் ஐந்து மாதம் பாவித்தால் மாதக் கட்டண வீதத்தில் கணக்குப் பார்ப்போம் என்பார்கள். அந்த ஜிம்மில் மாதக் கட்டணம் 6,000 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மாதத்துக்கு 30,000, மீதி 18,000. அதிலும் மொத்தத் தொகையில் பத்து வீதம் நிர்வாகச் செலவு என்று 4,800 வெட்டினால் கையில் வருவது 13,200. இந்த முறையில் எட்டாவது மாதத்தோடு உங்கள் 48,000 முழுவதும் தீர்ந்துவிடும். அதாவது நீங்கள் தாமதிக்கிற ஒவ்வொரு மாதமும் 4,000 அல்ல, 6,000 போகிறது. விலகுவதாக முடிவெடுத்தவர் மாத முடிவுக்கு முன் கடிதம் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். சேர்வுக் கட்டணம் தனியாகக் கட்டியிருந்தால் அதை மறந்துவிடுங்கள், அது எங்கும் திரும்பாது.

இதோடு மாற்றத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். மச்சானுக்குப் போவது ஏழு மாதம். அவர் தனியாக மாதம் மாதமாகக் கட்டினால் 42,000, அதற்கு மேல் சேர்வுக் கட்டணம். அவர் உங்களுக்கு 28,000 தந்து, மாற்றக் கட்டணம் 5,000ஐயும் தானே கட்டினால், அவருக்கு 33,000தான் முடிகிறது. அவருக்கும் லாபம், உங்களுக்கும் பாவிக்காத மாதங்களின் காசு முழுதாக வருகிறது, வங்கியில் மிச்சமிருக்கிற ஏழு தவணைக்கும் அது சரியாகப் போகும். ஆனால் மச்சான் எப்படியும் முழு வருடம் போகப் போகிறவர் என்றால் கணக்கு மாறும். அவர் நேரடியாக வருடத்துக்குக் கட்டினால் மாதம் 4,000தான் விழும். அப்படியென்றால் ஏழு மாதத்துக்கு அவர் மொத்தமாக 28,000க்கு மேல் கொடுக்கக் காரணமில்லை, மாற்றக் கட்டணம் போக உங்களுக்கு 23,000. சேர்வுக் கட்டணம் அவருக்கு மிச்சமாகிறது என்பதைச் சொல்லிக் கொஞ்சம் கூட்டலாம். 23,000க்கும் 28,000க்கும் நடுவில் எங்கே நின்றாலும் அந்த 13,200ஐவிட மேல். 5,000 கட்டணம் கூடத்தான், அதைப் பேசிக் குறைக்கலாம். மாற்றத்தால் ஜிம் ஒரு புது விற்பனையை இழக்கிறது, அதனால்தான் கட்டணம் வைக்கிறார்கள். ஆனால் ஏழு மாதம் முடிந்த பிறகும் தொடரக்கூடிய ஒரு ஆளையும் நீங்கள் கொண்டுவருகிறீர்கள். முகாமையாளரிடம் அதைத்தான் சொல்ல வேண்டும்.

மாற்றத்தில் நான் பார்த்த பெரிய ஓட்டை கார்ட்தான். அங்கத்துவம் மச்சான் பெயருக்குப் போய்விடும், புதுப்பிக்கும் கார்டாக உங்களுடையதே கிடக்கும். ஜனவரியில் அவர் ஜிம்முக்குப் போவார், காசு உங்கள் கார்டில் இருந்து போகும். ஆகவே மாற்றப் பத்திரத்தில், இன்றிலிருந்து பழைய அங்கத்தவர் பெயரில் எந்தக் கட்டணமும் நிலுவையும் இல்லை, அவருடைய கார்ட் விபரம் நீக்கப்பட்டது என்று ஒரு வரி இருக்க வேண்டும். மச்சான் தன் பெயரில் புதுப் படிவமும் உடல்நல வினாக்கொத்தும் நிரப்ப வேண்டும், உங்கள் பழைய படிவத்தில் பெயரை மட்டும் வெட்டி எழுதிக் கொடுப்பதை ஏற்காதீர்கள். அவர் 18 வயதுக்குக் குறைந்தவராக இருந்தால் தகப்பனோ தாயோ சேர்ந்து கையெழுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டாது. முடிவுத் திகதி டிசம்பர் 31 என்பதையும், அவரிடம் சேர்வுக் கட்டணம் திரும்பக் கேட்பதில்லை என்பதையும் எழுதி வாங்குங்கள். உங்களிடம் நிலுவை எதுவும் இருந்தால், லொக்கர் வாடகையாக இருந்தாலும், முதலில் அதை முடியுங்கள். மாற்றத்தை மறுக்கச் சொல்லப்படும் முதல் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

இதுவரை சொன்னது நீங்களாக விலகும் நிலைக்கு. ஜிம் தன் சொல்லைக் காப்பாற்றாவிட்டால் கதை வேறு. உதாரணத்துக்கு நம்ம பக்கத்தில் அடிக்கடி வருவது பெண்கள் நேரம். காலை 9 முதல் 12 வரை பெண்களுக்கு மட்டும், பெண் பயிற்றுநர் இருப்பார் என்று சொல்லி வருடக் காசை வாங்கிவிட்டு, நான்கு மாதத்தில் பயிற்றுநர் போய்விட்டார், இனிப் பொது நேரம்தான் என்பார்கள். காத்தான்குடியிலோ கல்முனையிலோ ஒரு சகோதரிக்கு அது சின்ன மாற்றமில்லை. அவர் அந்த ஜிம்முக்குப் போகவே முடியாமல் போகிறது. அங்கே ரிஃபண்ட் இல்லை என்ற வரியை நீட்டுவது சரியில்லை, ஏனென்றால் ஒப்பந்தத்தை முறித்தது அவர்கள். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் பொருந்தும். அச்சடித்த படிவத்தை வைத்துக்கொண்டு, தான் செய்த மீறலுக்குத் தானே பொறுப்பில்லை என்று ஒருவர் சொன்னால், அந்த விதி நியாயமானதா என்று அது கேட்கிறது. நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு தடை செய்கிறது. பெண்கள் நேரம் பற்றிய அவர்களுடைய முகநூல் விளம்பரத்தை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைத்திருந்தால் அதுவே பாதி வழக்கு.

உங்கள் விடயத்தில் அந்தப் பலம் இல்லை, அதை மறைக்க விரும்பவில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு, சேரும்போது வெளிநாடு போனால் காசு திருப்புவோம் என்று யாராவது எழுத்திலோ குரல் செய்தியிலோ சொல்லியிருந்தால். அப்போது அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குப் பேசலாம், எழுத்தில் முறைப்பாடும் கொடுக்கலாம். அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் வருகிற முறைப்பாடு என்றால் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும் என்பதால், பிறகு பார்ப்போம் என்று விடுவதில் ஆபத்து இருக்கிறது.

ஜிம் மாற்றத்தையும் மறுத்தால், அல்லது படிவத்தில் இல்லாத ஒரு கட்டணத்தைக் கேட்டால், போக வேண்டிய இடம் உங்கள் பிரதேசத்து மத்தியஸ்த சபை. சட்டத்தரணி தேவையில்லை, செலவும் இல்லை என்றே சொல்லலாம். நடந்ததை எழுதித் தவிசாளருக்கு விண்ணப்பித்தால் இரண்டு தரப்பையும் அழைப்பார்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, இருவரையும் உடன்பாட்டுக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். உடன்பாடு வராவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் தருவார்கள், இந்த அளவுத் தொகைக்கு அது இல்லாமல் நீதிமன்றம் போகவும் முடியாது. ஊரில் பெயரோடு தொழில் செய்கிற ஒருவர், அதிபர்களும் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்களும் இருக்கிற அந்த மேசையில் வந்து உட்காருவதற்கு முன்பே பேசி முடிக்கத்தான் பார்ப்பார். ஆனால் நீங்கள் நேரில் போக வேண்டியிருக்கும், ஜூனுக்குப் பிறகு அது முடியாது. அதனால் கடிதத்தில் பதிலுக்கு ஏழு நாள் கொடுத்து, எட்டாம் நாள் விண்ணப்பத்தைப் போடுங்கள்.

போவதற்கு முன் கடைசியாக ஒன்று. வங்கியின் எஸ்எம்எஸ் உங்கள் இலங்கை இலக்கத்துக்குத்தான் வரும், அந்த சிம் கட்டாரில் இயங்காமல் போகலாம். வங்கியில் மின்னஞ்சல் அறிவித்தலையும் போட்டுவிடுங்கள், டிசம்பர் கடைசிக் கிழமையில் இருந்து ஜனவரி நடுப்பகுதி வரை கார்ட் கூற்றைச் செயலியில் பாருங்கள். ஏதாவது விழுந்திருந்தால் ஜிம்முக்கு எழுதிக்கொண்டிருக்காமல் அதே நாளில் வங்கிக்கு எழுதுங்கள்.